பதில் வணக்கம்

அண்ணா நகர் கோபுரப் பூங்காவில் நான் நடக்கத் தொடங்கிய முதல் நாளே அந்தப் பெரியவர் எனக்கு வணக்கம் சொன்னார். வாசலைத் தாண்டி இடப்புறம் திரும்பியவுடன் வரும் புங்க மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருக்கிறது. வெள்ளை வேட்டியும் அரைக்கைச் சட்டையும் அணிந்து, இரண்டு கைகளையும் ஊன்றுகோலின் தலையில் வைத்தபடி அவர் அதில் உட்கார்ந்திருப்பார். நடப்பவர் எவரானாலும் அந்த மரத்தைத் தாண்டும்போது, "வணக்கம் ஐயா", "வணக்கம் அம்மா", "வாருங்கள் தம்பி" என்று அவர் குரல் வந்து சேரும். சிலருக்குக் கூடுதலாக ஒரு சொல்லும் கிடைக்கும். "இன்றைக்கு மூச்சு அதிகம் வாங்குகிறதே, மெதுவாகப் போங்கள்" என்பார் பருமனான வழக்கறிஞரிடம். ஒருவருக்கொருவர் பத்தடி இடைவெளி விட்டு, ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளாமல் நடக்கும் கணவன் மனைவியிடம், "இன்றைக்கு இடைவெளி குறைந்திருக்கிறது, நல்லது" என்பார். சருகு கூட்டும் மாநகராட்சிப் பெண்ணுக்கும், அவள் பின்னாலேயே திரியும் செவலை நாய்க்கும்கூட அவரிடம் வணக்கம் உண்டு.

நான் பதில் சொன்னதில்லை. ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் முன்வரிசை மேசை என்னுடையது. காலை பத்து மணி முதல் மாலை வரை பாலிசி எண், வாரிசுப் பெயர், தவணை நிலுவை என்று வருகிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சர்க்கரை நோய் வந்துவிட்டதென்றும் நாள்தோறும் நாற்பது நிமிடம் நடந்தே ஆக வேண்டுமென்றும் மருத்துவர் சொன்னபோது, அந்த நாற்பது நிமிடமாவது யாரிடமும் பேசாமல் கழியும் என்ற ஒரே ஆறுதலோடுதான் பூங்காவுக்கு வந்தேன். அதனால் பெரியவர் வணக்கம் சொல்லும்போது தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விடுவேன். சில நாள் கொஞ்சம் புன்னகையும் சேர்த்துக்கொள்வேன். மரியாதைக்கு அது போதும் என்று நினைத்திருந்தேன்.

அவரிடம் எனக்கு இரண்டு மனக்குறைகள் இருந்தன. மற்றவர்களுக்குச் சாதாரணமாக வணக்கம் சொல்பவர், எனக்கு மட்டும் குரலை உயர்த்தி, ஏறக்குறையக் கூப்பிடுவதுபோலச் சொல்வார். முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இன்னொன்று, ஒரு தீபாவளிக்கு மகன் வாங்கி அனுப்பிய விளையாட்டுக் காலணியை மாட்டிக்கொண்டு வந்தபோது, "வணக்கம் அம்மா, புதிதாக வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டார். ஓராண்டுக்கு மேல் நாள் தவறாமல் அவர் முன்னால் நடந்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தக் காலணி காலைக் கடித்ததால் மறுவாரமே பழைய தோல் செருப்புக்குத் திரும்பினேன். அவரும் பழைய உரத்த வணக்கத்துக்குத் திரும்பினார்.

இப்படியே இரண்டு ஆண்டுகள் போயின. தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பெஞ்சு காலியாக இருந்தது.

முதல் சுற்றில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பனி இருந்தது, தாமதமாக வருவார் என்று எண்ணினேன். இரண்டாவது சுற்றில் புங்க மரம் நெருங்கும்போதே தலை தானாகத் திரும்பியது, அசைக்கவும் தயாராக இருந்தது. பெஞ்சின்மேல் சருகுகள்தாம் கிடந்தன. மூன்றாவது சுற்றில், எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாருமே அந்த இடத்தில் நடையைத் தளர்த்துவதைக் கண்டேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஓடும் இளைஞர் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பத்தடி இடைவெளித் தம்பதி, முன்னால் போனவர் நின்றதால் பின்னால் வந்தவரும் சேர்ந்து, முதல் முறையாக அருகருகே நின்றார்கள்.

"நேற்று வந்திருந்தாரா?" என்று வழக்கறிஞர் பொதுவாகக் கேட்டார்.

"வந்தார். எனக்கு வணக்கம் சொன்னார்" என்றார் இளைஞர்.

"அவர் பெயர் என்ன?" என்று அந்த மனைவி கேட்டார்.

எவருக்கும் தெரியவில்லை. வீடு எங்கே என்றும் தெரியவில்லை, கைப்பேசி வைத்திருந்தாரா என்பதும் தெரியவில்லை. வழக்கறிஞருக்கு மூட்டு வலி என்பதும், இளைஞர் இரவுப் பணி முடித்து வருகிறவர் என்பதும் பெரியவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கையில் அவரைப் பற்றி இருந்ததெல்லாம் ஒரு வெள்ளை வேட்டியும் ஓர் ஊன்றுகோலும்தான். அங்கே நின்ற ஆறு பேரும் ஒருவரோடொருவர் பேசியதும் அன்றுதான் முதல் தடவை என்பது எனக்குப் பிறகே உறைத்தது.

சருகு கூட்டும் பெண்தான் வழி காட்டினாள். "வாசலில் அருகம்புல் சாறு விற்கிற அண்ணனைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும்" என்றாள்.

"மேஸ்திரியையா கேட்கிறீர்கள்?" என்றார் சாற்றுக் கடைக்காரர், குவளையைக் கழுவியபடியே. "நடுவக்கரைக்காரர். இந்தக் கோபுரம் கட்டும்போது சித்தாளாக மண் சுமந்தவர். பிறகு கொத்தனார் ஆகி, மேஸ்திரி ஆனார். விடிவதற்கு முன்னால் மகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டு, அடுக்குமாடி வீடுகளுக்குச் சமையல் வேலைக்குப் போவாள். எட்டு மணிக்கு வந்து கூட்டிப் போவாள். இன்றைக்கு இருவரையுமே காணோம்."

1968-ல் நடந்த வர்த்தகப் பொருட்காட்சிக்காக எழுப்பிய கோபுரம் அது. அதைக் கட்டிய கைகளில் இரண்டு, நாள்தோறும் எங்களை நோக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தன என்ற செய்தி மனத்தில் இறங்கச் சற்று நேரம் ஆயிற்று. ஆனால் அதற்கு முன்னால் வேறொரு சொல் தைத்துவிட்டது. கையைப் பிடித்துக் கூட்டி வருவாள் என்றாரே, ஏன்?

வழக்கறிஞரும் இளைஞரும் நானும் போனோம். வேலைக்குத் தாமதமாகும் என்று அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பினேன். பணியில் சேர்ந்த இத்தனை ஆண்டுகளில், உறவினர் அல்லாத ஒருவருக்காக நான் அப்படிச் செய்ததில்லை. குறுகலான சந்தில், நீல வண்ணக் கதவுள்ள ஓர் ஓட்டு வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தோம். மகள் அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தாள். மூன்று அந்நியர்கள் வாசலில் நிற்பதைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"பூங்காவிலிருந்து வருகிறோம். அப்பா வரவில்லையே என்று…" என்று வழக்கறிஞர் தொடங்கி, எப்படி முடிப்பதென்று தெரியாமல் நிறுத்தினார்.

அவள் முகம் தெளிந்தது. "நல்லாத்தான் இருக்கிறார் சார். நேற்று மாலை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்றைக்கு ஆபரேஷன். புரை முற்றிப் போய்விட்டது. இரண்டு மூன்று வருடமாகவே ஆள் அடையாளம் தெரியாது, வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். இத்தனை நாள் பயந்துகொண்டு தள்ளிப்போட்டார். மாற்றுத் துணி எடுத்துப் போகத்தான் வந்தேன்" என்றாள்.

"கண் தெரியாதா? எங்கள் எல்லாரையும் தெரிந்துதானே பேசுவார்?" என்றார் இளைஞர்.

"காலடியை வைத்துத்தான் சார். உங்களைப்பற்றி வீட்டில் நிறையச் சொல்வார். ஓடுகிற தம்பி, சாவிக்கொத்துக் குலுங்கும் ஐயா என்பார். ஊரில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம் நிறைய. தெரிந்தவர் யாராவது முன்னால் போகும்போது பேசாமல் இருந்துவிட்டால், மேஸ்திரிக்குத் தலைக்கனம் என்று நினைத்துவிடுவார்களாம். அதனால் யாரென்று தெரியாவிட்டாலும் எல்லாருக்கும் சொல்லிவிடுவார்."

மற்ற இருவரும் அவளிடம் மேலும் ஏதேதோ விசாரித்தார்கள், பணம் தேவையா என்று கேட்டார்கள். என் காதில் எதுவும் விழவில்லை. இரண்டு ஆண்டுகளாக நான் அசைத்த தலை, தேர்ந்தெடுத்த சில நாள்களில் செலவழித்த புன்னகை, இவற்றில் ஒன்றுகூட அவரிடம் போய்ச் சேரவில்லை. என் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வராத நிலையில்தான், அவர் நாள்தோறும் எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். கவுண்டரில் எதிரே நின்று எவராவது நான்கு முறை கேட்டதற்கு நான் ஒரு முறையும் பதில் சொல்லாமலிருந்தால், ஐந்தாவது முறை என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். இவரோ எழுநூறு முறை சொல்லியிருப்பார்.

அடுத்த பத்து நாளும் பூங்காவில் பெஞ்சு காலியாகவே இருந்தது. சருகு கூட்டும் பெண் அதை மட்டும் தினமும் துணியால் துடைத்து வைத்தாள். அந்த இடம் வரும்போது யாராவது ஒருவர், "மகளிடம் பேசினேன், சொட்டு மருந்து விடுகிறார்களாம்" என்றோ, "தலைக்குக் குளிக்கக் கூடாதாம், குனியக் கூடாதாம்" என்றோ மற்றவர்களுக்குச் செய்தி சொல்வார்கள். பத்தடித் தம்பதியின் பெயர்களும் அந்த நாள்களில்தான் எனக்குத் தெரிந்தன.

பன்னிரண்டாம் நாள் அவர் வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி முகத்தில் பாதியை மறைத்திருந்தது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். வழக்கறிஞரை ஏற இறங்கப் பார்த்து, "உங்களை நான் ஒல்லியான ஆள் என்று நினைத்திருந்தேனே ஐயா, சாவிக்கொத்துச் சத்தம் ஏமாற்றிவிட்டது" என்று சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தார். நெடுங்காலம் மூடிக் கிடந்து, 2023-ல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட கோபுரம் அது. "என்னமோ வேலை செய்கிறார்கள் என்று சத்தம் கேட்டது. இப்போதுதான் பார்க்கிறேன். நேராகத்தான் நிற்கிறது" என்றார். அந்தக் குரலில் வேலை வாங்கிய மேஸ்திரி இருந்தார்.

கூட்டம் கலையும்வரை காத்திருந்தேன். பிறகு அருகில் போய், "வணக்கம் ஐயா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக ஒலித்தது.

இத்தனை நாளும் வணக்கம் சொல்லும்போது முகத்தைச் சற்றுத் திருப்பி, காதை நம் பக்கம் காட்டுவார். அதை அடக்கம் என்று நினைத்திருந்தேன். அன்று நேருக்கு நேராக நிமிர்ந்து பார்த்தார். ஆனால் முகத்தில் அடையாளம் கண்ட குறி எதுவும் இல்லை.

"வணக்கம் அம்மா. குரல் பிடிபடவில்லையே, தினமும் வருகிறவரா?"

"இரண்டு வருடமாக வருகிறேன் ஐயா."

அவர் யோசித்தார். பிறகு, "தப்பாக நினைக்காதீர்கள் அம்மா, கொஞ்சம் நடந்து காட்டுங்கள்" என்றார்.

எட்டு வயதில் கிணற்றுமேட்டிலிருந்து விழுந்து இடது கணுக்காலை முறித்துக்கொண்டவள் நான். அந்தக் கால் தரையை லேசாக உரசும். அலுவலகத்தில், கல்யாண வீட்டில், படம் எடுக்கும் இடத்தில், அது தெரியாமல் நடக்க நாற்பது ஆண்டுகளாகப் பழகியிருக்கிறேன். விடியற்காலையில் இந்தப் பூங்காவில்தான் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று காலை அதன் போக்கில் விடுவேன். அன்று அவர் முன்னால் மறைக்காமல் நடந்தேன். செருப்பு சருகில் இழுபட்டது. திரும்பிப் பார்த்தபோது அவர் கறுப்புக் கண்ணாடிக்குள் கண்களை மூடிக்கொண்டாரோ என்னவோ, காதை என் பக்கம் திருப்பியிருந்தார்.

ஆறாவது அடியிலேயே கைத்தடியைத் தரையில் தட்டினார்.

"அட, நீங்களா! உங்களுக்குக் காது கேட்காது என்றல்லவா இத்தனை நாளும் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்!"

"கேட்கும் ஐயா. எல்லா நாளும் கேட்டது" என்றேன்.