இதயம்: 5 நாள், 5 துண்டு

மக்களே, சனிக்கிழமை தேர்வுக்கு இதயம் பாடத்தை ஐந்தாகப் பிரித்துவிட்டேன். மொத்தமாக உட்கார்ந்தால் வால்வுக்கு வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. தினமும் இரவு 8 மணிக்கு ஒரு துண்டு வரும். பதிலைப் புத்தகம் பார்க்காமல் குரல் செய்தியாக அனுப்புங்கள். தப்பானாலும் பரவாயில்லை. வெறும் கட்டைவிரல் போட்டால் கணக்கில் வராது!

*திங்கள்: அறைகள்*
மேலே இரண்டு ஆரிக்கிள், கீழே இரண்டு வென்ட்ரிக்கிள். படத்தில் வலது அறைகள் நம் இடது கைப்பக்கம் இருக்கும். எதிரில் நிற்பவரின் இதயம் என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.
கேள்வி: இடது வென்ட்ரிக்கிளின் சுவர் மட்டும் ஏன் அவ்வளவு தடிமன்?

*செவ்வாய்: ரத்தம் போகும் வழி*
நேற்றைய பதில்: வலது வென்ட்ரிக்கிள் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும். இடதுக்கு உடம்பு முழுக்கத் தள்ளும் வேலை.
இன்று இந்த வரிசையை வாய்விட்டு மூன்று முறை சொல்லுங்கள்: பெருஞ்சிரைகள், வலது ஆரிக்கிள், வலது வென்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரைகள், இடது ஆரிக்கிள், இடது வென்ட்ரிக்கிள், பெருந்தமனி.
கேள்வி: இதில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் ஓடும் தமனி எது?

*புதன்: வால்வுகள்*
நேற்று நாலு பேரில் மூன்று பேர் "அப்படி ஒரு தமனியே கிடையாது" என்றீர்கள். இருக்கிறது, நுரையீரல் தமனி. தமனி என்றால் சுத்த ரத்தம் என்று மனப்பாடம் செய்ததால் வந்த வினை இது. இதயத்திலிருந்து வெளியே எடுத்துப் போவது தமனி, உள்ளே கொண்டுவருவது சிரை. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதற்கும் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. நுரையீரல் சிரையில் ஓடுவது ஆக்சிஜன் நிறைந்த ரத்தம்தான். தேர்வில் இங்கேதான் மாட்டிவிடுவார்கள், அதனால் இன்னொரு தடவை படியுங்கள்.
சரி, வால்வு. வலதில் மூவிதழ், இடதில் ஈரிதழ், இரண்டு தமனிகளின் தொடக்கத்தில் அரைச்சந்திர வால்வுகள். எல்லாம் ஒருவழிக் கதவுகள்.
கேள்வி: "லப்", "டப்" எந்தெந்த வால்வுகளின் சத்தம்?

*வியாழன்: துடிப்பு*
லப்: மூவிதழும் ஈரிதழும் மூடும்போது. டப்: அரைச்சந்திர வால்வுகள் மூடும்போது. திறக்கும்போது அல்ல.
துடிப்பைத் தொடங்கிவைப்பது வலது ஆரிக்கிளில் உள்ள எஸ்.ஏ. கணு. நிமிடத்துக்குச் சராசரியாக 72 துடிப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு வென்ட்ரிக்கிள் ஏறத்தாழ 70 மி.லி. வெளியேற்றுகிறது.
கேள்வி: அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்?

*வெள்ளி: புதுப் பாடம் இல்லை*
72 × 70 = 5040 மி.லி., அதாவது சுமார் 5 லிட்டர்.
இன்று வெள்ளைத்தாளில் இதயம் வரைந்து, பெயர் குறித்து, அம்புக்குறி போட்டுப் படம் பிடித்து அனுப்புங்கள். அழகாக வேண்டாம், என்னுடையது மாங்காய் மாதிரி இருக்கிறது. அடுத்தவர் படத்தில் ஒரு தப்பாவது கண்டுபிடியுங்கள். நுரையீரல் தமனியை முதலில் பாருங்கள். 9 மணிக்குள் வரட்டும், அப்புறம் போனை வைத்துவிட்டுத் தூங்குங்கள்.