புது கேர்டேக்கர் தம்பிக்கு: நம்ம கட்டடத்து மெயின் போர்டு

தம்பி, வாட்டர் டேங்க், கேட், குப்பை எல்லாம் நாளைக்குக் கூடவே நடந்து காட்டுகிறேன், அதெல்லாம் பார்த்தாலே பழகிவிடும். மெயின் போர்டு மட்டும் அப்படி இல்லை. பதினோரு வருஷம் இதோடு இருந்திருக்கிறேன், அதனால் இதை மட்டும் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு தடவை நிதானமாகப் படித்துவிட்டு, அப்புறம் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே போர்டின் முன்னால் நின்று மறுபடி படியுங்கள்.

போர்டு இருப்பது ஸ்டில்ட் பார்க்கிங்கில், மாடிப்படிக்குப் பின்பக்கம், கம்பிக் கதவுக்குள். முன்னால் கருப்பு ரப்பர் மேட் கிடக்கும், அதன் மேல் நின்றுதான் எதையும் தொட வேண்டும். செருப்பு போட்டிருக்க வேண்டும், கை காய்ந்திருக்க வேண்டும். கார் கழுவிவிட்டு ஈரக்கையோடு அப்படியே வந்து சுவிட்ச் போடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

கதவைத் திறந்தால் இடது பாதி, வலது பாதி என்று இரண்டாகத் தெரியும். இடது பாதி ஈபிகாரர்களுடையது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். தெருமுனை பில்லர் பாக்ஸிலிருந்து பூமிக்கடியில் வருகிற கேபிள் முதலில் அங்கேதான் ஏறுகிறது. கீழே பெரிய ஃப்யூஸ் கட்டை மூன்று, அதற்கு மேல் பதிமூன்று மீட்டர்: வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு, காமனுக்கு ஒன்று. சீல் வைத்த எதையும் நீங்கள் தொடக் கூடாது. ஃப்யூஸ் கட்டை போயிருந்தாலும் லைன்மேன்தான் வந்து போட வேண்டும். எந்த வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், 'முன்னாடி இருந்தவர் போட்டுக் கொடுப்பாரே' என்று சொன்னாலும் நம்பாதீர்கள், நான் ஒரு நாளும் போட்டதில்லை. மின்னகம் நம்பர் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள். காமன் மீட்டரின் சர்வீஸ் நம்பரைக் கதவின் உள்பக்கம் பெயின்டில் எழுதியிருக்கிறேன், போன் செய்ததும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இடது பக்கத்தில் நீங்கள் தொடக்கூடியது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு மீட்டருக்கும் கீழே இருக்கிற அந்தந்த வீட்டு மெயின் சுவிட்ச். எஃப் 1 முதல் டி 4 வரை ஒட்டியிருக்கிறது. அதைக்கூட அந்த வீட்டுக்காரரிடம் கேட்காமல் இறக்காதீர்கள். எஸ் 2-இல் பெரியவர் ஆக்ஸிஜன் மெஷினில் இருக்கிறார், அந்தச் சுவிட்சில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். கரண்ட் போனால் மற்ற வீடுகளுக்குப் பதில் சொல்வதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டு, பேட்டரியில் ஓடுகிறதா, சிலிண்டர் கைவசம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

சரி, இனி வலது பாதி. இது முழுக்க உங்கள் பொறுப்பு.

மேலே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று லைட் எரியும். மூன்று ஃபேஸும் வருகிறது என்று அர்த்தம். காலையில் கேட் திறக்கப் போகும்போது இதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள். ஒன்று அணைந்திருந்தால் ஒரு ஃபேஸ் இல்லை. அப்போது சில வீடுகளில் கரண்ட் இருக்கும், சில வீடுகளில் இருக்காது, உடனே உங்களைத்தான் கேட்பார்கள். எந்த வீடு எந்த ஃபேஸ் என்று மீட்டருக்குக் கீழே கலர் பொட்டு வைத்திருக்கிறேன், அதைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். மேல் மாடி நான்கு வீடும் த்ரீ ஃபேஸ், அங்கே மூன்று பொட்டும் இருக்கும். லைட்டின் பல்பே போயிருக்கவும் வாய்ப்புண்டு, அதனால் பக்கத்து வோல்ட் மீட்டரின் குமிழைத் திருப்பி மூன்றையும் பாருங்கள். ஒவ்வொன்றும் 230 பக்கத்தில் காட்ட வேண்டும்.

ஒரு ஃபேஸ் 300-க்கு மேல் ஏறி இன்னொன்று நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தால், அல்லது ஒரு வீட்டில் பல்பு கண் கூசும்படி எரிந்து பக்கத்து வீட்டில் மங்கினால், அது நியூட்ரல் போன கேஸ். அந்த நேரத்தில் மட்டும் யாரையும் கேட்கக் காத்திருக்க வேண்டாம். பன்னிரண்டு வீட்டு மெயினையும் காமன் மெயினையும் மளமளவென்று இறக்குங்கள், எஸ் 2-க்கு உடனே போன் போடுங்கள், அப்புறம் மின்னகம். நாலைந்து நிமிஷம் தாமதித்தால் ஃப்ரிட்ஜ், டிவி எல்லாம் வரிசையாகப் போகும்.

லைட்டுக்குக் கீழே காமன் மெயின், 63 ஆம்பியர். அதற்குக் கீழே பெரிய கைப்பிடியோடு இருப்பது சேஞ்ச் ஓவர். 1 என்றால் ஈபி, 2 என்றால் ஜெனரேட்டர், நடுவில் 0. ஜெனரேட்டர் லிஃப்ட், சம்ப் மோட்டார், காமன் லைட் இந்த மூன்றுக்கு மட்டும்தான், வீடுகளுக்குப் போகாது. கரண்ட் போனால் கைப்பிடியை முதலில் 0-வுக்குக் கொண்டுவந்துவிட்டு ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்யுங்கள், ஒரு நிமிஷம் சும்மா ஓடட்டும், அப்புறம் 2. ஈபி வந்ததும் உடனே மாற்றாதீர்கள், சில நாள் வந்து வந்து போகும். ஐந்து நிமிஷம் நிலையாக நின்ற பிறகு 0, அப்புறம் 1. ஜெனரேட்டரை லோடு இல்லாமல் இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள், சூடு தணியும். இந்தச் சேஞ்ச் ஓவரைத் தாண்டி வேறு எந்த வழியிலும் ஜெனரேட்டர் ஒயரைப் போர்டில் கொடுக்க விடாதீர்கள். அது லைனில் திரும்பி ஏறினால், கரண்ட் இல்லை என்று நம்பித் தெருவில் வேலை பார்க்கிற லைன்மேனின் உயிர் போகும்.

கைப்பிடியைத் திருப்புவதற்கு முன் லிஃப்டில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈபி போனால் லிஃப்டின் பேட்டரி பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும். அப்படித் திறக்காமல் நின்றுவிட்டால் கதவை நெம்பாதீர்கள். உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டே லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போடுங்கள், நம்பர் லிஃப்டுக்குள்ளேயும் போர்டுக் கதவிலும் இருக்கிறது.

கீழ் வரிசையில் சின்னச் சின்னச் சுவிட்சுகள், இடமிருந்து வலமாக: லிஃப்ட், போர் மோட்டார், சம்ப் மோட்டார், மாடிப்படி லைட், கேட் லைட், கேமரா, கடைசியில் ஸ்டில்ட் பிளக். இவற்றில் எது விழுந்தாலும், தம்பி, உடனே தூக்கிவிடாதீர்கள். இந்தத் தாளில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அது சும்மா விழாது. ஏன் விழுந்தது என்று பாருங்கள், எரிந்த வாசனை வருகிறதா, சூடாக இருக்கிறதா, எங்கேயாவது தண்ணீர் சொட்டுகிறதா. ஒன்றும் இல்லையென்றால் முழுக்கக் கீழே அழுத்திவிட்டு ஒரே தடவை தூக்குங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வந்த இரண்டாவது வருஷம், மே மாசம், போர் மோட்டார் ஸ்டார்ட்டர் விழுந்துகொண்டே இருந்தது. மேலே தண்ணீர் இல்லை, எல்லா வீட்டிலிருந்தும் சத்தம், நானும் நான்கு தடவை ரீசெட் அழுத்தி அழுத்திப் போட்டேன். காயில் கருகிவிட்டது. இருநூறு அடியிலிருந்து மோட்டாரைத் தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்க ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் டேங்கர் தண்ணீர்தான். ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது, இன்று வரைக்கும் மனசில் இருக்கிறது. போர் மோட்டார் த்ரீ ஃபேஸ், ஒரு ஃபேஸ் இல்லாமல் ஓடினால் கருகும், அதனால்தான் ஸ்டார்ட்டருக்குள் ஒரு ப்ரிவென்டர் இருக்கிறது. அவசரத்துக்கு அதை பைபாஸ் செய்து ஓட்டிக் கொடுக்கிறேன் என்று யார் வந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓவர்லோடில் விழுந்திருந்தால் கால் மணி நேரமாவது ஆறவிட்டு ஒரு தடவை ரீசெட், அவ்வளவுதான்.

மாடிப்படி, கேட், கேமரா, ஸ்டில்ட் பிளக் நான்குக்கும் சேர்த்து முன்னால் இருக்கிற அகலமான சுவிட்ச்தான் ஆர்சிசிபி. கரண்ட் எங்கேயாவது கசிந்தால் இது விழும். மழைக்காலத்தில் அடிக்கடி விழும், பாதி நேரம் கேட் லைட்டுக்குள் தண்ணீர் போயிருக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: நான்கு சுவிட்சையும் இறக்குங்கள், ஆர்சிசிபியைத் தூக்குங்கள், பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டே வாருங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அதில்தான் கோளாறு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்றதை ஓட்டலாம். அதிலேயே டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும், மாசம் ஒரு தடவை அழுத்துங்கள், டக்கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் அது வேலை செய்யவில்லை, அன்றைக்கே எஃப் 3 செயலாளர் மேடத்திடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்டில்ட் பிளக்கில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் போடக் கூடாது, மீட்டிங்கில் முடிவானது. வேண்டியவர்கள் தங்கள் மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்திருக்கிறார்கள். ராத்திரி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஏதாவது தொங்கினால் கழற்றிவிட்டு மேடத்திடம் சொல்லுங்கள், நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம்.

மழை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம்ம ஸ்டில்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, ஃப்யூஸ் கட்டைக்கு ஒரு சாண் கீழே வரை. தெருவில் தண்ணீர் ஏறி நம்ம சரிவைத் தொடும்போதே முடிவெடுத்துவிடுங்கள்: லிஃப்டை மேல் மாடியில் நிறுத்தி அதன் சுவிட்சை இறக்குங்கள், மோட்டார்களை இறக்குங்கள், வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டுக் காமன் மெயினை இறக்குங்கள். ஈபியைக் கூப்பிட்டு வீடுகளுக்கும் நிறுத்தச் சொல்லுங்கள். போர்டுக்கு முன்னால் தண்ணீர் நின்றுவிட்டால் அதற்கப்புறம் கிட்டவே போகக் கூடாது, என்ன எரிந்துகொண்டிருந்தாலும் சரி. தெருமுனை பில்லர் பாக்ஸ் பக்கம் தண்ணீரில் யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்கூல் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் வரும்.

போர்டில் புகையோ தீயோ வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பக்கத்துத் தூணில் கருப்புக் குழாய் வைத்த கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் இருக்கிறது, முடிந்தால் மெயினை இறக்கிவிட்டு அதை அடியுங்கள். கட்டுக்குள் வராது என்று தோன்றினால் 101-க்குப் போன் போட்டுவிட்டு, படி வழியாக எல்லோரையும் இறக்குங்கள்.

மீதியெல்லாம் சின்ன விஷயம். காம்பவுண்டு ஓரம் சிமென்ட் மூடி போட்ட எர்த் குழி இரண்டு, ஏப்ரலிலிருந்து மழை வரும் வரைக்கும் வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். போர்டுக்கு அடியில் பழைய பேப்பர், பெயின்ட் டப்பா, குழந்தைகள் சைக்கிள் எதையும் வைக்க விடாதீர்கள். கேபிள் நுழைகிற ஓட்டைகளைப் பல்லி வராமல் அடைத்திருக்கிறேன், அடைப்பு உதிர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள், ஒரு பல்லி உள்ளே போய்க் கருகியதில் அரை நாள் லிஃப்ட் இல்லாமல் போயிருக்கிறது. இரண்டு மாசத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருவார்கள், கதவைத் திறந்துவிட்டுக் கூடவே நில்லுங்கள்.

சாவி வாட்ச்மேன் ரூமில் காலண்டர் ஆணியில், இன்னொன்று மேடத்திடம். சனிக்கிழமை மத்தியானம் நான் ஊருக்குக் கிளம்புகிறேன். அன்று காலை ஆறு மணிக்கு வந்துவிடுங்கள், லிஃப்டில் போக்குவரத்து இருக்காது, சேஞ்ச் ஓவரை உங்கள் கையாலேயே இரண்டு தடவை மாற்றிப் பார்த்துவிடலாம்.