தரப் பொறியாளர் நேர்காணல்: ஒரு சிறு வேண்டுகோள்

வணக்கம் மேடம்,

தரப் பொறியாளர் வேலைக்கு வேறொருவரை எடுத்திருப்பதாக வியாழக்கிழமை நீங்கள் அனுப்பிய மெயில் கிடைத்தது. வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒரே வாரத்தில் முடிவைச் சொல்லிவிட்டீர்கள், காத்துக்கொண்டே இருக்கவேண்டிய நிலை வரவில்லை. அதற்கு நன்றி. நேர்காணல் முடிந்ததும் மெஷின் ஷாப்பைச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்ததையும் மறக்கவில்லை.

முடிவை மறுபடி யோசிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. எனக்கு எங்கே குறை இருந்தது என்று தெரிந்தால் உதவியாக இருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு இரண்டு இடங்களில் சந்தேகம் இருக்கிறது. இரண்டாவது சுற்றில் க்வாலிட்டி ஹெட், துளையின் விட்டத்தை அளக்கும் ஒரு போர் கேஜுக்கு, அளவீட்டிலேயே வரும் வேறுபாட்டைக் காட்டும் ஆர் அண்ட் ஆர் 22 சதவீதம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கேஜை உடனே ஒதுக்கிவிடுவேன் என்றேன். சேலம் பஸ் தொப்பூர் இறக்கத்தில் வரும்போதுதான் உறைத்தது. 10க்குள் இருந்தால் சரி, 30ஐத் தாண்டினால் ஆகாது. இடையில் வந்தால் அந்த அளவு எவ்வளவு முக்கியமானது, வேறுபாடு கேஜால் வருகிறதா அளப்பவரால் வருகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று, வாடிக்கையாளர் புகார்கள். என் நான்கு வருட அனுபவம் பெரும்பாலும் இன்கமிங், லைன் இன்ஸ்பெக்ஷனில்தான். முழுக்க நானே எழுதி முடித்த 8டி ரிப்போர்ட் ஒன்றே ஒன்று. அதைச் சொன்னபோது சார் ஏதோ குறித்துக்கொண்டார்.

முதலாவதுதான் காரணம் என்றால் அளவீட்டுப் பாடத்தை மறுபடி உட்கார்ந்து படிக்க வேண்டும். இரண்டாவது என்றால், இப்போது இருக்கும் இடத்திலேயே புகார் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், எங்கள் மேனேஜர் தருவார். எதில் முதலில் இறங்குவது என்று முடிவு செய்யத்தான் கேட்கிறேன். நான் யோசிக்காத மூன்றாவது காரணம் இருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். பேசிய விதம், பதிலை நீட்டியது, எதுவானாலும் சரி.

சாரிடம் கேட்டு இரண்டு வரி எழுதினால் போதும். போனில் சொல்வது சுலபம் என்றால், இந்த வாரம் எனக்கு முதல் ஷிஃப்ட், மாலை 4 மணிக்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன். இப்படிச் சொல்லும் வழக்கம் உங்கள் நிறுவனத்தில் இல்லையென்றால் அதை மட்டும் தெரிவித்துவிடுங்கள், மறுபடி கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

அப்புறம், அன்று வாசலில் கொடுத்த விசிட்டர் அட்டையைத் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நாளை கூரியரில் அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
முருகேசன்
சேலம்