சிங்கப்பூர் மாமாவுக்கு ஒரு கடிதம்

பேராவூரணி
18.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அங்கே நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் நலமா? அம்மாச்சிக்கு முழங்கால் வலி பரவாயில்லை, கோலூன்றி தோப்பு வரை நடக்கிறார்கள்.

ஒரகடம் கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்து நான் ஊருக்கு வந்துவிட்டது தெரியும். திரும்பக் கூப்பிடுகிறார்கள், போக மனமில்லை. ஊரிலேயே ஏதாவது தொழில் வைக்கலாம் என்று இருக்கிறேன். என்ன தொழில் என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. கையில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் இருக்கிறது. இது பணம் கேட்டு எழுதும் கடிதம் இல்லை மாமா. யோசனைதான் வேண்டும்.

அம்மாவுக்கு ஆடு. இருபது தாய் ஆடு, ஒரு கிடா என்று இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஆனால் சினை ஐந்து மாதம், குட்டி விற்கிற பருவத்துக்கு வர இன்னொரு எட்டு மாதமாவது ஆகும். அதுவரை தீவனத்துக்கு என் காசுதான் போக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் நம்ம மண் சேறாகிவிடும், பரண் கொட்டகை போடாமல் வளர்த்தால் குளம்பு அழுகும், சளி பிடிக்கும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் ராத்திரி பகல் கூடவே இருக்க வேண்டிய வேலை, எனக்கு அந்தப் பொறுமை குறைவு. நாட்டுக்கோழியும் அப்படித்தான், வெள்ளைக்கழிச்சல் ஒரு முறை புகுந்தால் கூண்டே காலி. இ-சேவை மையம் ஏற்கெனவே பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்தில் ஒன்று ஓடுகிறது, இன்னொன்று எதற்கு?

அப்பாவுக்கு மரச்செக்கு. எனக்கும் அதில் ஆசை உண்டு. கஜா புயலில் 2018-ல் விழுந்த மரங்களுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன, இனி காய்க்குக் குறைவிருக்காது. ஆனால் கணக்கு உதைக்கிறது. இந்த வருஷம் அரவைக் கொப்பரைக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,160 ரூபாய். நூறு கிலோ ஆட்டினால் அறுபது கிலோ எண்ணெய் கிடைக்கும் என்று வைத்தாலும், கிலோவுக்கு 186 ரூபாய் கொப்பரைக்கே போய்விடுகிறது. புண்ணாக்கு விற்றுக் கொஞ்சம் மீளும். ஆனால் கரண்ட், ஆள் கூலி, பாட்டில் எல்லாம் அதற்கு மேலே. மளிகைக்கடையில் அதைவிடக் குறைவாகக் கலப்பு எண்ணெய் தொங்குகிறபோது, நம்ம எண்ணெயை ஊருக்குள் யார் வாங்குவார்கள்? பட்டுக்கோட்டை, தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் விற்க வாய் வேண்டும். எனக்கு அது இல்லை, உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஒன்று, இதை வீட்டில் இன்னும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மோட்டார் ரீவைண்டிங். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தேன், கம்பெனியிலும் மெயின்டனன்ஸில்தான் இருந்தேன். கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் பாதிப் பருவம் போய்விடுவதால் தோப்புக்குத் தோப்பு போர்வெல், சப்மெர்சிபிள். கோடையில் வோல்டேஜ் இறங்கினால் காயில் கருகுகிறது. டவுனில் கொடுத்துவிட்டு மூன்று நாள் நான்கு நாள் காத்துக்கிடக்கிறார்கள், அதற்குள் தென்னங்கன்று வாடுகிறது. சுற்றுகிற மெஷின், மெக்கர், செயின் பிளாக், முக்காலி, கொஞ்சம் காப்பர் ஒயர் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

பயம் ஒன்றுதான், கடன். "காய் வெட்டித் தர்றேன் தம்பி" என்று சொந்தக்காரர்களே சொன்னால் என்ன செய்வது? ஒயரைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு வெறுங்கையோடு நிற்க முடியாது. நீங்கள் மளிகைக்கடை வைத்திருந்த காலத்துக் கடன் நோட்டு இன்னும் அம்மாச்சி டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அதை நினைத்துத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தேன். பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமத்தில், பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 35 சதவீதம் மானியம், கைக்காசு 5 சதவீதம் போட்டால் போதும், மீதி வங்கிக் கடன். மானியம் கைக்கு வராது, மூன்று வருஷம் வங்கியிலேயே கிடந்து பிறகுதான் கடனில் கழியும். செக்கு என்றால் இது வேண்டியிருக்கும். ரீவைண்டிங்குக்கு என் சேமிப்பே ஏறக்குறைய போதும், கடனில்லாமல் தொடங்கவே பிரியப்படுகிறேன்.

நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டு. என்னை அறிந்தவர் என்ற முறையில், செக்கா மோட்டாரா? மழுப்பாமல் சொல்லுங்கள், ஆடுதான் சரி என்றாலும் கேட்டுக்கொள்கிறேன். ரோட்டோரம் உங்கள் மனையில் பூட்டிக் கிடக்கும் கொட்டகையை எனக்கு வாடகைக்குத் தருவீர்களா? சும்மா வேண்டாம், மாதாமாதம் அம்மாச்சி கையில் கொடுத்துவிடுகிறேன். கூரைத் தகரம் இரண்டு மாற்ற வேண்டும், அது என் செலவு.

அடுத்த ஞாயிறு உங்களுக்கு லீவு என்று அத்தை சொன்னார்கள். சாயங்காலம் கூப்பிடுங்கள், அப்பாவும் அப்போது வீட்டில் இருப்பார். அவரிடமும் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால்தான் எடுபடும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்
செந்தில்