நான்காவது வார்டு மக்களுக்கு நன்றி

மேலத்தெரு, குளத்துமேட்டுத் தெரு, காலனி, பள்ளிக்கூடத் தெரு மக்கள் எல்லோருக்கும் வணக்கம். நம்ம நான்காவது வார்டு உறுப்பினராக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். மனசு நிறைஞ்சு நன்றி சொல்கிறேன்.

வேலைக்குப் போகும் முன்னாடியே வந்து வரிசையில் நின்றவர்கள், திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்த தம்பிகள், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பாட்டிகள், உங்களையெல்லாம் பார்த்தேன். மறக்க மாட்டேன். போட்டியிட்ட மற்றவர்களும் நம்ம ஊர்க்காரர்கள்தான். அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் என்னிடம் வரத் தயங்க வேண்டாம். தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் அது எல்லா வீட்டுக்கும்தானே வராது! ராத்திரி வரை ஓட்டு எண்ணிய அலுவலர்களுக்கும் காவலர்களுக்கும் நன்றி.

வாக்குக் கேட்டு வந்தபோது அதிகம் பேர் சொன்னது காலனிக்குப் போகும் வழியில் எரியாத தெருவிளக்கைப் பற்றித்தான். பதவியேற்றதும் முதலில் அதைத்தான் மன்றக் கூட்டத்தில் பேசப்போகிறேன். ஜனவரி 26 கிராம சபைக்குப் பெண்கள் அவசியம் வாருங்கள். தண்ணீர்ப் பிரச்சினையை உங்களைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அதற்கு முன்னாடி ஏதாவது என்றால் சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன், வாங்க.