தேன் உறைஞ்சு போச்சுன்னு கொட்டிடாதீங்க

வணக்கங்க. தாண்டிக்குடியிலேர்ந்து எழுதுறேன். இந்த மார்கழில மட்டும் என்கிட்ட தேன் வாங்கினவங்க பதினோரு பேர் போட்டோ அனுப்பிட்டாங்க, எல்லாம் ஒரே மாதிரி, பாட்டில் அடியில வெள்ளையா கட்டி, மேல கொஞ்சம் தண்ணியா தேன். மதுரையிலேர்ந்து ஒரு அக்கா "தம்பி நீ நல்ல பையன்னு நெனச்சேன், சீனிப்பாகு ஊத்தி அனுப்பிட்டியே"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாங்க. மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா அவங்க மேல தப்பில்லை, கடைத்தேன் வருஷக்கணக்கா அலமாரில தண்ணி மாதிரியே நிக்குறதப் பாத்துப் பழகிட்டோம்ல, அதான் தேனோட குணம்னு நெனச்சிட்டோம்.

விஷயம் இதுதாங்க. தேன்ல 100 கிராமுக்கு 20 கிராம் அளவுக்குத்தான் தண்ணி, மீதி எல்லாம் பெரும்பாலும் சர்க்கரை, அதுலயும் முக்கியமா ரெண்டு, குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ். அவ்ளோ கொஞ்சம் தண்ணிக்குள்ள அவ்ளோ சர்க்கரை நிக்கிறதே கஷ்டம். ஃப்ரக்டோஸ் லேசா கரையும், எவ்ளோ நாளானாலும் அப்படியே நிக்கும், குளுக்கோஸுக்கு அது முடியாது, கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்து மணி மணியா உக்காந்துடும். ஜாங்கிரி ஜீரா ஆறினதும் பூத்துப் போகுமே, கிட்டத்தட்ட அதே சங்கதி. குளுக்கோஸ் மணி வெள்ளையா இருக்குறதால தேன் கலரும் வெளுத்த மாதிரி தெரியும்.

அந்த மணி உக்கார ஒரு பிடிப்பு வேணும். நான் தேனடையைச் சுழட்டித் தேனைப் பிரிச்சு துணில மட்டும் வடிகட்டுறேன், அதனால மகரந்தம், மெழுகுத் துணுக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரியாம உள்ளயே இருக்கும், குளுக்கோஸ் அதப் புடிச்சுக்கிட்டு வளரும். பெரிய அளவுல பாட்டில் பண்றவங்க தேனைச் சூடு பண்ணி ரொம்ப நைஸா வடிகட்டுவாங்க, அதுல பிடிப்பு போயிடும், உறையறதும் தள்ளிப்போகும். சூடு ஏற ஏற வாசனையும் போயிடுங்க, அதனாலதான் நான் பண்றதில்ல.

எந்தப் பூத்தேன்ங்கறதும் கணக்கு. குளுக்கோஸ் கூட இருக்குற தேன் சீக்கிரம் உறையும், கடுகுப்பூத் தேன்லாம் சில வாரத்துலயே கட்டியாயிடும். அப்புறம் குளிர். 14 டிகிரி பக்கத்துல தான் தேன் ரொம்ப வேகமா உறையும், மார்கழி ராத்திரி எங்க மலைல அந்தக் குளிர் சாதாரணம். அதனால சில பாட்டில் இங்கயே உறைய ஆரம்பிச்சுதான் கிளம்புது. தயவுசெஞ்சு ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, சமையக்கட்டு மேடையே போதும்.

இன்னொன்னையும் நேர்மையா சொல்லிடுறேன். உறைஞ்சா சுத்தத் தேன்னு சிலர் வீடியோ போடுறாங்க, அதுவும் சரியில்லங்க, சர்க்கரை கலந்த தேனும் உறையலாம். தண்ணில போட்டுப் பாக்குறது, தீக்குச்சி கொளுத்துறது எதுவும் நம்புற மாதிரி இல்ல, லேப்ல தான் தெரியும். உறையறது கெட்டுப்போன அடையாளமும் இல்ல, சுத்தத்துக்கு சர்டிபிகேட்டும் இல்ல.

கெட்டுப்போனா வேற மாதிரி தெரியும். மூடி திறக்கும்போது டப்புனு காத்து வெளிய வரும், நுரை பொங்கி நிக்கும், கள்ளு மாதிரி புளிச்ச வாடை அடிக்கும். தண்ணி கூட இருந்தா தேன் புளிக்கும், உறைஞ்ச தேன்ல மேல தங்குற பாகத்துல தண்ணி கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அதனால ஈரக்கரண்டி விடவே விடாதீங்க, மூடியும் இறுக்கமா இருக்கணும். அப்படிப் புளிச்சிருந்தா எனக்குச் சொல்லுங்க, மறு பாட்டில் அனுப்புறது என் பொறுப்பு.

இளக வைக்கணும்னா ஒரு பாத்திரத்துல தண்ணி காய்ச்சி அடுப்ப அணைச்சிடுங்க, கை வச்சா சுடாம இதமா இருக்குற அளவு, 40 டிகிரி சுமார், ஆறினதும் பாட்டில உள்ள நிக்க வைங்க. தண்ணி ஆறிட்டா மாத்துங்க, நடுவுல காஞ்ச கரண்டியால கிளறுங்க, முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரம் ஆகும். நேரா அடுப்புல வேணாம், மைக்ரோவேவும் வேணாம். கொஞ்ச நாள்ல திரும்பவும் உறையும், ஆச்சரியப்படாதீங்க. எங்க வீட்டுல இளக வைக்கிறதே இல்ல, உறைஞ்சதையே சுட்ட தோசை மேல தடவுவோம், சூட்டுல அதுவே உருகிடும், பசங்க ஸ்பூனால சுரண்டித் திம்பாங்க. ஆனா ஒரு வயசு ஆகாத கொழந்தைக்கு எந்தத் தேனும் குடுக்காதீங்க, உறைஞ்சதோ உறையாததோ, நாக்குல தடவக்கூட வேணாம்.

மதுரை அக்காவுக்கு இதையேதான் போன்ல சொன்னேன், அடுத்த நாள் இளகின பாட்டில் போட்டோ அனுப்பிட்டு, காபிப்பூத் தேன் எப்ப வரும்னு கேட்டாங்க. பங்குனி சித்திரைல கோடை மழை பேஞ்சு காபி பூத்ததுக்கு அப்புறம்தாங்க, பெட்டி திறந்ததும் இங்கயே சொல்றேன்.