ஐசோனியசிட்டோடு ஏன் இன்னொரு சின்னக் குளிசை?

மார்பு நோய்ச் சிகிச்சை நிலைய மருந்தகம்
கொழும்பு

அன்புள்ள சரோஜா அம்மாவுக்கு,

இன்று காலை கவுண்டரில் சனம் கூடியிருந்ததால் நீங்கள் கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொல்ல முடியவில்லை. "எனக்கு வருத்தமே இல்லை, அவருக்குத்தான் காசநோய். எனக்கு ஏன் ரெண்டு குளிசை?" என்று கேட்டீர்கள். ஆறுதலாக வாசிக்கலாம் என்பதால் எழுதித் தருகிறேன்.

முதற் குளிசை ஐசோனியசிட் 300 மில்லிகிராம். வீட்டில் உங்கள் கணவரோடு ஒரே அறையில் இருந்ததால் கிருமி உங்கள் உடலுக்குள்ளும் வந்து தூங்கிக்கொண்டிருக்கலாம். சீனி வருத்தம் உள்ளவர்களில் அது விழித்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அதைத் தடுக்கத்தான் இந்த மருந்து, நாளுக்கு ஒன்று, ஆறு மாதம். நிறைக் கிலோ ஒன்றுக்கு 5 மில்லிகிராம் என்பது கணக்கு. உங்கள் நிறை 58 கிலோ, ஆகவே 300 சரியாகப் பொருந்துகிறது.

இரண்டாவது பைரிடொக்சின் 25 மில்லிகிராம். விட்டமின் பி6 என்பது இதுதான். இது சத்துக்குளிசை மாதிரி விருப்பமிருந்தால் போடுவது அல்ல. ஐசோனியசிட் உடலில் செய்யும் ஒரு சேதத்துக்கு எதிராகப் போடும் காப்பு.

அந்தச் சேதம் நடக்கும் விதம் இது. ஐசோனியசிட் இரத்தத்தில் பி6ஐக் கண்டால் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இரண்டும் சேர்ந்து சிறுநீரில் வெளியே போய்விடும். மிச்சமுள்ள பி6ஐ உடல் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிற நொதியையும் ஐசோனியசிட் தடுத்துவிடுகிறது. நரம்புகள் பழுதில்லாமல் இயங்க இந்த விட்டமின் தேவை. அது குறைந்தால் முதலில் அடிபடுவது மிக நீளமான நரம்புகள், அதாவது இடுப்பிலிருந்து கால்விரல் நுனிவரை ஓடுகிறவை. அதனால்தான் தொல்லை பெரும்பாலும் பாதத்தில் தொடங்குகிறது. பிறகு காலுறை போட்ட மாதிரி மேலே ஏறும், கைவிரல்களுக்கு வருவது அதற்குப் பின்.

ஐசோனியசிட் 1952இல் பாவனைக்கு வந்தது. ஓரிரு வருடங்களுக்குள்ளேயே நோயாளர்களின் கால் விறைப்பதையும் பி6 கொடுத்தால் அதைத் தடுக்கலாம் என்பதையும் மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். இந்த மருந்தை மெதுவாகக் கழிக்கும் பரம்பரை உடல்வாகு எங்கள் பக்கத்து மக்களில் பலருக்கு உண்டு. மருந்து கூட நேரம் உடலில் தங்குவதால் அவர்களுக்கு ஆபத்தும் கூடும். அது உங்களுக்கு இருக்கிறதா என்று நாங்கள் சோதிப்பதில்லை. ஆனால் உங்களுக்கு நீரிழிவு இருக்கிறது, அதுவே நரம்பைத் தாக்கக்கூடிய வருத்தம். நீங்கள் போடும் மெட்போர்மின் நீண்டகாலத்தில் விட்டமின் பி12ஐயும் குறைக்கலாம். இவை சேர்ந்திருப்பதால் உங்கள் விடயத்தில் பி6ஐ விடவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஐசோனியசிட்டைக் காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன் தண்ணீரோடு போடுங்கள். பி6ஐயும் அதே நேரத்தில் விழுங்கலாம். இந்த அளவில் அது ஐசோனியசிட்டின் வேலையைக் கெடுக்காது. மெட்போர்மின் வழக்கம்போல் சாப்பாட்டோடு. வயிற்றைக் குமட்டினால் கொஞ்சமாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், நிறுத்திவிட வேண்டாம். நெஞ்செரிச்சல் மருந்து குடிப்பதென்றால் ஐசோனியசிட் போட்டு ஒரு மணித்தியாலமாவது கழியட்டும். காலையில் மறந்துவிட்டால் அன்றைக்கே நினைவு வந்தவுடன் போடுங்கள். அடுத்த நாள்தான் நினைவு வந்தால் ஒன்று மட்டும், இரண்டாகப் போடக்கூடாது. பி6 முடிந்துபோனால் அதற்காக ஐசோனியசிட்டை நிறுத்தாதீர்கள், உடனே வந்து வாங்குங்கள். போயா நாளில் நாங்கள் மூடுவோம், முதல் நாளே வந்துவிடுங்கள்.

இனி உங்கள் கால். இன்றைக்கே, மருந்து தொடங்குமுன், நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், மகள் ஒரு பஞ்சுத் துண்டால் ஒவ்வொரு கால்விரலையும் மெல்லத் தொடட்டும். எந்த விரலில் உணர்ச்சி குறைவு என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். முன்னமே இருந்த விறைப்பா, மருந்தால் வந்ததா என்று பின்னால் பிரித்தறிய இது ஒன்றுதான் வழி. மாதம் ஒருமுறை அதையே செய்யுங்கள். காலையில் குளிர்ந்த டைல் தரையில் கால் வைக்கும்போது குளிர் முந்திய மாதிரித் தெரிகிறதா என்று கவனியுங்கள். செருப்புக் கழன்றதே தெரியாமல் இரண்டடி நடந்தால், இரவில் போர்வை பட்டாலும் பாதம் எரிந்தால், ஊசி குத்துவதுபோல் இருந்தால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கவேண்டாம். ஆரம்பத்திலேயே சொன்னால் டொக்டர் பி6இன் அளவைக் கூட்டுவார், பெரும்பாலும் சரியாகிவிடும். பல மாதம் பொறுத்திருந்துவிட்டு வந்தால் நரம்பு தேற நெடுங்காலம் எடுக்கும், முழுதாகத் தேறாமலும் போகலாம். விறைத்த காலோடு நீரிழிவும் இருந்தால் ஒரு சின்னக் காயமே புண்ணாகிவிடும்.

கால் விறைக்கிறது என்றதும் பாமசியில் "நரம்புக் குளிசை" கேட்டு வாங்கும் பழக்கம் எங்கள் சனத்திடம் நிறைய இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஒரு குளிசையிலேயே 100, 200 மில்லிகிராம் பி6 இருக்கும். பி6 நீண்டகாலம் அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும், அதுவும் இதே விறைப்பாகத்தான் தெரியும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் அட்டையோடு கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். கடலை, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, மீன் எல்லாவற்றிலும் பி6 உண்டு, நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் ஐசோனியசிட் எடுத்துச் செல்லும் இழப்பைச் சாப்பாடு மட்டும் ஈடுசெய்யும் என்று நம்பிக் குளிசையை விடமுடியாது.

மீன் என்றதும் ஒன்று. பலயா, கெலவல்லா, மாசிக் கருவாடு இவற்றை இந்த ஆறு மாதமும் தவிர்த்துவிடுங்கள். நன்றாகக் குளிரில் வைக்காத மீனில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். அதை உடைக்கும் நொதியை ஐசோனியசிட் தடுப்பதால் முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடக்கும். இலங்கையில் காசநோயாளரிடம் இதைக் கண்டு எழுதியவர் டொக்டர் சி. ஜி. உரகொட.

பி6 நரம்புக்கு மட்டும்தான் காப்பு, ஈரலுக்கு அல்ல. சாப்பாடு பிடிக்காமல் வாந்தி வந்தால், சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால், கண் மஞ்சளானால், ஐசோனியசிட்டை அன்றே நிறுத்திவிட்டு அன்றே எங்களிடம் வாருங்கள். இந்த ஆறு மாதமும் மதுபானம் கலந்த டொனிக் எதுவும் வேண்டாம். உங்கள் குளிசையை வீட்டில் வேறு எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள், வலிப்புக்கு மருந்து போடுபவருக்கு முக்கியமாக.

பேரப்பிள்ளை கைக்கெட்டாத உயரத்தில், பூட்டிய அலுமாரியில் வையுங்கள். ஐசோனியசிட்டை ஒரு குழந்தை பல குளிசையாக விழுங்கினால் வலிப்பு வரும். அப்படி நடந்தால் வாந்தியெடுக்க வைக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை அழைத்து, வெறும் அட்டையையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எத்தனை விழுங்கியது என்று தெரிந்தால் அங்கே பி6 ஊசியின் அளவைச் சரியாகக் கணக்கிடலாம்.

28 நாளைக்கான குளிசை தந்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது வெறும் அட்டைகளையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கவிதா
மருந்தாளர்